மலை உச்சியிலிருந்து வரும் நேரம்

2011 மார்ச் 12 மாலை. ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்தில் ஓத்தகடோயா என்றொரு மலை. அதன் மேல் 250 மீட்டர் உயர ஆன்டெனா ஒன்று, அடியில் அதை இயக்கும் சிறு நிலையம். முந்தைய நாள் பிற்பகல் வந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகும் ஆன்டெனா நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஃபுகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அன்று மாலை அரசு உத்தரவிட்டது. இந்த மலை அணுமின் நிலையத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஊழியர்கள் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு மலையை விட்டு இறங்கினார்கள்.

அன்றிரவு கிழக்கு ஜப்பானின் வீடுகளில் மேசை மேலும் சுவரிலும் கையிலும் இருந்த ஏராளமான கடிகாரங்கள், வழக்கமாகத் தேடும் நேரத்தில் ஒரு வானொலி அலையைத் தேடின. அலை இல்லை. அவை எந்த ஓசையும் எழுப்பாமல் பழையபடி ஓடின. பெரும்பாலானோருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர்களுக்கு அப்போது வேறு கவலைகள் இருந்தன.

அந்த மலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது நேரம். ஜப்பானின் அதிகாரபூர்வ நேரத்தை ஒவ்வொரு நொடியும் அலையில் ஏற்றி நாடெங்கும் அனுப்புவதுதான் அந்த நிலையத்தின் ஒரே வேலை. அதன் அழைப்புப் பெயர் ஜேஜேஒய். இந்த அலையைப் பிடித்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கடிகாரங்கள் ஜப்பானில் ஏராளமான வீடுகளில் இருப்பவை. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே மைன்ஃப்ளிங்கன், இங்கிலாந்தில் ஆன்தோர்ன், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ், சீனாவில் ஷாங்ச்சியு என்று இன்னும் சில இடங்களிலும் இதே வேலையைச் செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. கடைகளில் விற்கும் ‘ஆறு அலை’ கைக்கடிகாரங்கள் என்பவை ஜப்பானின் இரண்டு நிலையங்களையும் இந்த நான்கையும் பிடிக்கக்கூடியவை.

இத்தகைய கடிகாரத்தை அணுக்கடிகாரம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது சரியல்ல. கையிலிருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம்தான். உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணித்தான் நொடி நகர்கிறது. அந்தப் படிகம் வெப்பத்தாலும் வயதாலும் சற்றே பிசகும். நல்ல கடிகாரம்கூட மாதத்துக்குப் பதினைந்து நொடி வரை முன்னோ பின்னோ போகலாம். அணுக்கடிகாரம் இருப்பது மலை உச்சியில். சீசியம் அணுக்களைக் கொண்ட அந்தக் கடிகாரத்தைத் தோக்கியோவுக்கு மேற்கே கோகனேய் நகரில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தின் மூலக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கைக்கடிகாரம் இரவில் ஒருமுறை மலையைக் கேட்டுத் தன் பிசகைத் திருத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். மலை பேசாத நாளில் அது மறுபடியும் சாதாரணக் கடிகாரம்.

மலை பேசுவது மிக மெதுவாக. சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். ஓத்தகடோயாவின் அலை வெறும் 40 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளம் ஏழரை கிலோமீட்டர். இத்தகைய நீண்ட அலை தரையை ஒட்டியே வளைந்து போகும். மலைக்குப் பின்னாலும் கட்டடத்துக்குள்ளும் ஓரளவு நுழையும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். நேரம் அனுப்ப இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் இதற்கு விலை உண்டு. ஏழரை கிலோமீட்டர் அலைக்குப் பொருத்தமான ஆன்டெனா கட்ட வேண்டுமென்றால் அதன் உயரம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். 250 மீட்டர் கம்பம் அதன் முன் மிகச் சிறியது. அதனால் 50 கிலோவாட் சக்தியைச் செலுத்தினாலும் அதில் ஏறத்தாழ கால்பங்குதான் அலையாக வெளியே போகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது.

இந்த அலையில் பேச்சும் இல்லை, இசையும் இல்லை. விளக்கை ஏற்றி இறக்குவதுபோல அலையின் பலத்தை நொடிக்கு ஒருமுறை கூட்டிக் குறைக்கிறார்கள். நொடி தொடங்கும்போது அலை முழு பலத்துக்கு எழும். பிறகு அது பத்தில் ஒரு பங்காகக் குறையும். எவ்வளவு நேரம் கழித்துக் குறைகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. 0.8 நொடி முழு பலத்தில் இருந்தால் அது பூஜ்யம். 0.5 நொடி இருந்தால் ஒன்று. 0.2 நொடியிலேயே குறைந்துவிட்டால் அது எண் அல்ல, எல்லைக்கல். எல்லைக்கல் பத்து நொடிக்கு ஒருமுறை வரும். நிமிடம் மாறும் இடத்தில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு வரும். அந்த இரட்டை எல்லைக்கல்லைக் கண்டுகொண்டால் புதிய நிமிடம் எங்கே தொடங்குகிறது என்பது கடிகாரத்துக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நிமிடத்தில் அறுபது நொடி. ஆகவே அறுபது குறிகள். இவற்றுக்குள் நிமிடம், மணி, ஆண்டின் எத்தனையாவது நாள், ஆண்டு, கிழமை எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்தால் இது விளங்கும். நிலநடுக்கம் வந்தது மார்ச் 11 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு. அதாவது 24 மணிக் கணக்கில் 14:46.

முதல் எட்டு நொடிகள் நிமிடத்துக்கானவை. அவற்றில் 40, 20, 10 என்று மூன்று இடங்கள், நடுவில் எப்போதும் பூஜ்யமாக இருக்கும் ஓரிடம், பிறகு 8, 4, 2, 1 என்று நான்கு இடங்கள். 46 என்பது 40-ம் 4-ம் 2-ம் சேர்ந்தது. ஆகவே அந்த மூன்று இடங்களில் ஒன்று, மற்றவற்றில் பூஜ்யம். வரிசையாக எழுதினால் 1 0 0 0 0 1 1 0. அடுத்து ஓர் எல்லைக்கல். பிறகு மணி. அதற்கும் 20, 10 என்று இரண்டு இடங்கள், பின்னர் 8, 4, 2, 1. 14 என்பது 10-ம் 4-ம். அந்த இரண்டு இடங்களில் மட்டும் ஒன்று. ஜேஜேஒய் மாதத்தையும் தேதியையும் தனித்தனியாக அனுப்புவதில்லை. ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாள் என்பதை அனுப்புகிறது. ஜனவரிக்கு 31, பிப்ரவரிக்கு 28, மார்ச்சில் 11, மொத்தம் 70. அது 40, 20, 10 ஆகிய மூன்று இடங்களில் ஒன்றாகப் போகும். கடைசியில் ஆண்டு 11; ஞாயிறை பூஜ்யமாகக் கொண்டு எண்ணும் கிழமைக் கணக்கில் வெள்ளிக்கு 5.

நடுவே இரண்டு சரிபார்ப்புக் குறிகளும் இருக்கின்றன. மணிக்கான இடங்களில் எத்தனை ‘ஒன்று’ வந்தது என்று எண்ணி, எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் பூஜ்யம், ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று அனுப்புவார்கள். 14-ல் இரண்டு ஒன்றுகள். ஆகவே மணிக்கான சரிபார்ப்பு பூஜ்யம். 46-ல் மூன்று ஒன்றுகள். ஆகவே நிமிடத்துக்கு ஒன்று. இடையில் ஓர் இரைச்சல் புகுந்து ஏதோ ஓர் இடத்தை மாற்றிவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. கடிகாரம் அந்த நிமிடத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த நிமிடத்துக்குக் காத்திருக்கும்.

ஆனால் இந்தக் காவல் பலமானதல்ல. 14-ஐ அனுப்பும்போது 10 என்ற இடமும் 4 என்ற இடமும் சேர்ந்து கெட்டால், வந்து சேரும் மணி பூஜ்யம், அதாவது நள்ளிரவு. சரிபார்ப்புக் கணக்கோ அப்போதும் பொருந்தும், ஏனென்றால் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கிறது. ஆண்டுக்கும் நாளுக்கும் இந்தச் சரிபார்ப்பும் கிடையாது. ஆகவே பொறுப்பாக வடிவமைத்த கடிகாரம் ஒரு நிமிடச் செய்தியை மட்டும் நம்பாது. இரண்டு, மூன்று நிமிடங்களைத் தொடர்ந்து கேட்கும். 14:46-க்குப் பின் 14:47 வருகிறதா, நாளும் ஆண்டும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும். எல்லாம் ஒத்துப்போனால்தான் முள்ளை நகர்த்தும். நேரம் பிடிக்க ஏன் பல நிமிடங்கள் ஆகின்றன என்பதற்கு விடை இதுதான். நல்ல அலை இருக்கும்போதே சில நிமிடங்கள் வேண்டும். அலை பலவீனமாக இருந்தால் பத்து நிமிடத்துக்கும் மேல் ஆகலாம். ஒருநாள் காலையில் கடிகாரம் சரியாகப் பல மணி நேரம் பிசகி நின்றால், நொடியும் நிமிடமும் மட்டும் அச்சாகச் சரியாக இருந்தால், பெரும்பாலும் காரணம் வேறு ஊரின் நேர மண்டலத்தில் அதை வைத்திருப்பது. அதுவும் இல்லையென்றால், இப்படியொரு கெட்ட செய்தியை அது நம்பிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

இந்த அலையைக் கைக்கடிகாரம் எதைக் கொண்டு பிடிக்கிறது? ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான சின்னக் குச்சி. அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் குச்சி தெரிந்திருக்கும். கடிகாரத்தில் அது நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. குச்சியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்து இருந்தால் நன்றாகக் கேட்கும். குச்சியின் முனை நிலையத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய எதுவும் கேட்காது. பல கடிகாரங்களின் கையேட்டில் பன்னிரண்டு மணிப் பக்கத்தை ஜன்னலை நோக்கி வைக்கச் சொல்லியிருப்பார்கள். இது ஏதோ சம்பிரதாயமல்ல, குச்சியின் திசையைச் சரிசெய்வதுதான். ஜன்னலோரத்தில் வைத்தும் கேட்கவில்லை என்றால் கடிகாரத்தைக் கால்வட்டம் திருப்பி வைத்து அடுத்த இரவு பார்ப்பது வீட்டில் செய்யக்கூடிய முதல் சோதனை.

இரவில் கேட்பதற்கும் காரணம் உண்டு. பகலில் வானின் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு இந்த அலையைப் பெருமளவு விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைந்துபோவதால் அலை மேலே பட்டுத் திரும்பித் தூரத்துக்கும் போகிறது. கூடவே நள்ளிரவில் வீட்டின் மின்கருவிகள் பலவும் ஓய்ந்திருக்கும். கடிகாரமும் ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும். அதனால்தான் நள்ளிரவுக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இடையில் மணிக்கு ஒருமுறை முயன்று, ஒருமுறை கிடைத்ததும் அன்றைக்கு நிறுத்திவிடும்படி கடிகாரங்களை அமைத்திருக்கிறார்கள்.

நிலையம் ஒழுங்காக வேலை செய்யும்போதே கேட்காமல் போவதற்கு இன்று மிகப் பெரிய காரணம் அலைமாற்றி மின்வழங்கிகள்தான் என்று சொல்வேன். போன் சார்ஜர், எல்இடி விளக்கு, மடிக்கணினி அடாப்டர், கூரையில் இருக்கும் சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று இருக்கிறது. அந்த வெட்டும் வேகம் பல கருவிகளில் 40 கிலோஹெர்ட்ஸ், 60 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே விழுகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தின் மெல்லிய அலையை, ஓர் அடி தள்ளியிருக்கும் சார்ஜர் மூழ்கடித்துவிடும். படுக்கைக்குப் பக்கத்தில் போனைச் சார்ஜில் போட்டு, அதன் பக்கத்திலேயே கடிகாரத்தைக் கழற்றி வைப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். கம்பி பாய்ச்சிய கான்கிரீட் சுவரும் அலையைத் தடுக்கும். ஆனால் சுவரை மாற்ற முடியாது, சார்ஜரை இரண்டு மீட்டர் தள்ளி வைக்க முடியும்.

இவையெல்லாம் கேட்பவர் பக்கத்துக் குறைகள். 2011-ல் நடந்தது வேறு. பேசுபவரே இல்லை.

ஜப்பானில் இரண்டாவது நிலையம் ஒன்று உண்டு. தென்மேற்கில் க்யூஷூ தீவில் ஹகனே மலை மேல் அது 2001 அக்டோபரில் தொடங்கியது. ஓத்தகடோயா அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது, 1999 ஜூனில் தொடங்கியது. இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் பேசினால் நடுவிலுள்ள ஊர்களில் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். எனவே ஹகனேவுக்கு 60 கிலோஹெர்ட்ஸ். ஒரு நிலையம் நின்றாலும் மற்றது கைகொடுக்க வேண்டும் என்பதும் இரண்டு கட்டியதன் நோக்கங்களில் ஒன்று. இடி மின்னல் நேரத்தில் உயர்ந்த கம்பத்தைக் காப்பாற்ற அலையை நிறுத்துவது வழக்கம்; ஆண்டுப் பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். திட்டமிட்ட நிறுத்தத்தை முன்கூட்டியே அறிவிப்பதற்கென்று மணிக்கு இரண்டு முறை, 15-ஆவது நிமிடத்திலும் 45-ஆவது நிமிடத்திலும், செய்தியிலேயே சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மார்ச் 12 மாலை நடந்ததற்கு முன்னறிவிப்புச் செய்ய யாராலும் முடியாது.

மற்ற மலை எவ்வளவு கைகொடுத்தது? மேற்கு ஜப்பானில் எந்த மாற்றமும் இல்லை. அவர்கள் எப்போதும் ஹகனேயைக் கேட்டவர்கள். தோக்கியோ அங்கிருந்து சுமார் 900 கிலோமீட்டர். இரண்டு அலையையும் பிடிக்கும் கடிகாரம் வைத்திருந்தவர்கள் மேற்குப் பார்த்த ஜன்னலில் வைத்தால் பல வீடுகளில் இரவில் நேரம் கிடைத்திருக்கும். வடகிழக்கு ஜப்பானுக்கும் ஹொக்கைடோவுக்கும் தூரம் இன்னும் கூடுதல். அங்கே வாய்ப்பு மிகக் குறைவு. 60 கிலோஹெர்ட்ஸ் வருவதற்கு முன் செய்யப்பட்ட, 40 மட்டுமே தெரிந்த கடிகாரங்களுக்கு எந்த ஊரிலும் வழியே இல்லை.

அப்படியானால் எவ்வளவு பிசகியது? அலை திரும்ப வந்தது ஏப்ரல் 21. இடையில் நாற்பது நாட்கள். மாதத்துக்குப் பதினைந்து நொடி என்ற கணக்கில் மிக மோசமான நிலையில் இருபது நொடி. ரயிலைத் தவறவிடும் அளவுக்குக்கூட அது பெரிதல்ல. உண்மையான சங்கடம் வேறு இடத்தில் வந்தது. முள் வைத்த சுவர்க் கடிகாரங்கள் பலவற்றில் பேட்டரி மாற்றினால் முட்கள் தாமாகவே சுழன்று பன்னிரண்டில் போய் நின்றுவிடும். அலை வந்தால்தான் அங்கிருந்து நகரும். நேரத்தைக் கையால் வைப்பதற்குப் பின்பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைப் பல வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தேவைப்படாத அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அந்த நாற்பது நாட்களில் பேட்டரி தீர்ந்துபோன கடிகாரம்தான் உண்மையிலேயே நின்றது.

திரும்ப வந்த தேதியும் கவனிக்க வேண்டியது. ஏப்ரல் 22 நள்ளிரவு தொடங்கியதும் அந்த 20 கிலோமீட்டர் வட்டம் சட்டப்படி யாரும் நுழையக் கூடாத பகுதியானது. அதற்கு முந்தைய நாள் பகலில்தான் ஓத்தகடோயா தற்காலிகமாக மறுபடி பேசத் தொடங்கியது. ஆள் தங்க முடியாத மலையில், தூரத்திலிருந்து கண்காணித்தபடி அதை ஓடவிட்டார்கள். சில நாட்களிலேயே இடி மின்னலால் மறுபடி நின்றது, பிறகு சரிசெய்தார்கள். வழக்கமாக இடி நெருங்கும்போது நிலையத்தில் இருப்பவர் பார்த்து நிறுத்துவார். மேகம் போனதும் தொடங்குவார். ஆளில்லாத இடத்தில் அதுகூடப் பெரிய வேலையாகிறது. நேரம் தானாக வருகிறது என்று நாம் நினைக்கும் இடத்தில், மலைமேல் யாரோ ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை அந்த வாரங்களில்தான் பலர் அறிந்தார்கள்.

இந்தக் கடிகாரங்களின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அலை கிடைக்கவில்லை என்பதை அவை தாமாகச் சொல்வதில்லை. கேட்டால்தான் சொல்லும். முள் வைத்த பல கைக்கடிகாரங்களில் ஒரு பொத்தானை ஒருமுறை தட்டினால் நொடிமுள் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற குறிக்குப் போய்ச் சில நொடி நின்று காட்டும். எண் காட்டும் கடிகாரங்களில் கடைசியாக நேரம் கிடைத்த தேதியையும் மணியையும் பார்க்கலாம். இந்த ஒரு பொத்தானைத் தெரிந்துவைத்திருப்பவர் வாரம் ஒருமுறை தட்டிப் பார்த்தால் போதும். தொடர்ந்து ‘இல்லை’ என்றே வந்தால் முதலில் சார்ஜரைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். அடுத்து கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். பிறகு வேறு ஜன்னல். மூன்றும் பலிக்கவில்லை என்றால் நிலையத்தில் நிறுத்தமா என்று விசாரிக்கலாம்.

நம் ஊரில் இந்தப் பொத்தான் எப்போதும் ‘இல்லை’ என்றே காட்டும். இந்தியாவில் இத்தகைய நீண்ட அலை நேர நிலையம் கிடையாது. இருப்பவற்றில் நமக்கு அருகிலுள்ளது சீனாவின் ஷாங்ச்சியு. சென்னையிலிருந்து அது 4,000 கிலோமீட்டருக்கும் மேல். கடிகார நிறுவனங்களே அந்த நிலையத்துக்குச் சொல்லும் எல்லை அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் ‘ஆறு அலை’ என்று முகப்பில் அச்சிட்ட கைக்கடிகாரங்கள் நம் கடைகளில் நல்ல விலைக்கு விற்கின்றன. வாங்குபவரிடம், இந்த வசதி இங்கே வேலை செய்யாது என்று விற்பவர் சொல்லிவிடுவதுதான் நியாயம். நகரமாக டெல்லியை வைத்தால் பல கடிகாரங்கள் அலையைத் தேடவே செய்யாது. அது பழுதல்ல, அங்கே அலை இல்லை என்பது அதற்குத் தெரியும். அந்தக் கடிகாரத்தோடு லண்டனுக்கோ தோக்கியோவுக்கோ போனால், சொந்த நகரத்தை அந்த ஊருக்கு மாற்றி ஓர் இரவு ஜன்னலில் வைத்தால் நேரம் கிடைத்துவிடும். திரும்பி வந்து நகரத்தை மறுபடி டெல்லிக்கு மாற்றினால் மணி மட்டும் மாறும். அங்கே வாங்கிய நொடி அப்படியே இருக்கும், பிறகு மெல்ல மெல்லப் பிசகும்.

ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் சுவர்க் கடிகாரத்தின் கதை இன்னும் கஷ்டம். பேட்டரி போட்டதும் முட்கள் பன்னிரண்டுக்குப் போய் அலைக்காகக் காத்து நிற்கும். கடை பழுதுபார்ப்பவர் இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்துவிடக்கூடும். ஒரு கோளாறும் இல்லை. பொத்தானை அழுத்திக் கையால் நேரம் வைத்தால் ஓடும். அமெரிக்கக் கடிகாரங்களில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கும், ஆனால் அந்நாட்டின் மண்டலங்கள் மட்டுமே அதில் உண்டு. நம் ஐந்தரை மணி என்ற கணக்கின் அரை மணி அதற்கு எட்டாது.

இதற்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானிய ஆர்வலர்கள். ஓத்தகடோயா நிற்பதற்கு வெகுநாள் முன்பே, அலை எட்டாத அறைகளுக்காக அவர்கள் செய்த வேலை அது. கணினியின் ஒலிச்சுற்று 40 கிலோஹெர்ட்ஸை நேரடியாக எழுப்பாது. ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கான 13.33 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உரக்க எழுப்பினால், சுற்று அதைச் சற்றுச் சிதைக்கும். அந்தச் சிதைவில் மும்மடங்கு அதிர்வெண்ணான 40 கிலோஹெர்ட்ஸும் மெல்லியதாகப் பிறக்கும். ஜேஜேஒய் செய்தியின் ஏற்ற இறக்கத்தோடு அந்த ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் கம்பியைக் கடிகாரத்தைச் சுற்றி வைத்தால் கடிகாரம் அதை மலையின் குரலாகவே கேட்கும். இப்போது இதைச் செய்யும் போன் செயலிகள் கிடைக்கின்றன. அலை சில அங்குலத்துக்கு மேல் போகாது. ஆகவே யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

செய்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கடிகாரத்தின் நகரத்தைத் தோக்கியோவுக்கு மாற்ற வேண்டும். போனின் ஒலியை முழுதாகக் கூட்ட வேண்டும். கம்பியையோ போனின் ஒலிபெருக்கிப் பக்கத்தையோ ஃபெரைட் குச்சி இருக்கும் இடத்துக்கு நெருக்கமாக வைத்து, கைமுறையாகத் தேடச் சொல்லும் பொத்தானை அழுத்தி, சில நிமிடம் தொடாமல் விட வேண்டும். நேரம் கிடைத்ததும் நகரத்தை டெல்லிக்குத் திருப்பினால் போதும். ஜெர்மன் சுவர்க் கடிகாரத்துக்கு நகரம் மாற்றும் வசதி இல்லையே என்றால், அதன் அலையைப் போலி செய்யும் செயலிகளில் அனுப்பும் நேரத்தையே நகர்த்தும் வசதி உள்ளவை உண்டு. இந்திய நேரத்தை ஜெர்மன் நேரம் என்று சொல்லி அனுப்பினால் கடிகாரம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அந்த அரை மணிச் சிக்கலும் தீர்ந்துவிடும். பிறகு மாதம் ஒருமுறை இதைச் செய்தால் பிசகு பதினைந்து நொடிக்குள் நிற்கும். ஆனால் ஒவ்வோர் இரவும் அது இல்லாத அலையைத் தேடி முயன்றுகொண்டேதான் இருக்கும். அதனால் பேட்டரி சற்று முன்னதாகவே தீரும். மாற்றும் அன்று முட்கள் மறுபடியும் பன்னிரண்டில் போய் நிற்கும்.